kinaru.docx, membrane.docx: ஒரே ஆளின் இரண்டு எஸ்.ஓ.பி.

என் லேப்டாப்பில் இந்த இரண்டு கோப்புகளும் இன்னும் கிடக்கின்றன. இரண்டும் நானே எழுதியவை, இரண்டும் வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்தபோது, எதற்காக இந்தப் படிப்பு என்று சொல்லி அனுப்பிய நோக்க அறிக்கைகள், அதாவது எஸ்.ஓ.பி. முதல் வருடம் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குக் கிணறு போனது. அடுத்த வருடம் மூன்று இடங்களுக்கு மெம்பரேன் போனது. எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை மறைக்கப் போவதில்லை: மெம்பரேன்தான். ஆனால் கிணற்றை மோசமான எழுத்து என்று சொல்ல மாட்டேன். படித்துக் காட்டியபோது அம்மா அழுதார்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு, கோயமுத்தூரில் ஒரு கன்சல்டன்சியில் காசு கட்டி எழுதி வாங்குவது. என் வகுப்பு நண்பர்கள் இருவர் ஒரே இடத்தில் வாங்கினார்கள். இருவரின் முதல் பத்தியும் ஊர்ப்பெயர் தவிர ஒன்றாக இருந்தது. அதற்கு மேல் அந்த வழியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

கிணறு இப்படித் தொடங்கும். நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, நாலு ஏக்கர். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. கிணறு உப்பேறியது, தென்னை காய்ந்தது, அப்பாரு மாட்டை விற்றார். பிறகு நான் கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தேன், சுற்றுச்சூழலைக் காக்க உறுதி பூண்டேன், உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு உதவும். எல்லாம் உண்மைதான். இரண்டு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் எனக்குப் பதினெட்டு வயது ஆவதற்கு முந்தைய கதை. நான் செய்த ப்ராஜெக்ட் நாலு வரியில் முடிந்துவிட்டது.

எங்கே தவறினேன் என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு பைஜாமா. பிரிட்டனில் 2007-ல் இளநிலைப் படிப்புக்கு வந்த விண்ணப்பக் கட்டுரைகளில் ஐம்பதாயிரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதில் 234 பேர், எட்டாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த கெமிஸ்ட்ரி செட்டால் பைஜாமாவில் ஓட்டை போட்ட கதையை எழுதியிருந்தார்கள். அவர்கள் செய்தது காப்பி, என் கிணறு நிஜம். ஆனாலும் படிக்கிறவர் கண்ணுக்கு இரண்டும் 'சின்ன வயதிலிருந்தே' என்ற ஒரே வகைதான். தவிர, கலிஃபோர்னியாவின் பெர்க்லி போன்ற இடங்களில் எஸ்.ஓ.பி. தனி, வாழ்க்கைப் பின்னணி சொல்லும் அறிக்கை தனி, இரண்டையும் கேட்கிறார்கள். அங்கே கிணற்றுக்கு ஒரு வீடு இருக்கிறது, அது எஸ்.ஓ.பி. அல்ல.

மெம்பரேன் உப்பில் தொடங்கும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்புப் போட வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு இருந்தால்தான் ஓட்டலாம் என்றானது. அதனால் ஆர்.ஓ.வில் மிஞ்சியதை எவாப்பரேட்டரில் காய்ச்சுகிறார்கள். கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. எங்கள் ப்ராஜெக்டின் யோசனை எளிது. சாயத்தொட்டித் தண்ணீரை நேரே நேனோஃபில்ட்ரேஷன் மெம்பரேன் என்ற மிக நுண்ணிய வடிகட்டும் சவ்வில் விட்டால் சாயம் பெரிய மூலக்கூறு, தங்கிவிடும். சாதா உப்பு பெரும்பாலும் கடந்துவிடும். கடந்த உப்புத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கே திருப்பிவிடலாம்.

இது வரை யாரும் எழுதலாம். அடுத்த பத்தியில்தான் என் கை இருந்தது. புதிய மெம்பரேனில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 40 லிட்டர் கடந்தது. ஆறு மணி நேரத்தில் 22 ஆனது. காரத் தண்ணீரில் கழுவினால் 34 வரைதான் திரும்பியது. மீதி ஆறு லிட்டர், அதாவது 15 சதவீதம், போனது போனதுதான். மெம்பரேனில் ஒட்டியது துணியில் ஏறாத சாயமா, தண்ணீரின் கடினத்தன்மையா என்று பிரித்துப் பார்க்கக் கல்லூரியில் கருவியும் இல்லை, நேரமும் இல்லை. அதை அப்படியே எழுதினேன். ப்ராஜெக்டில் நாங்கள் நாலு பேர். மெம்பரேன் செல்லைப் பொருத்தியதும் அளவெடுத்ததும் நான், சாய அளவு பார்த்தது இன்னொருத்தர், அதையும் எழுதினேன். 'நாங்கள் வெற்றிகரமாகச் செய்து முடித்தோம்' என்று எழுதினால் யார் செய்தது என்று படிக்கிறவருக்குத் தெரியாது.

நடைக்கென்று நான் தனியாக எதுவும் செய்யவில்லை, மெம்பரேனில் தானாகச் சரியாகிவிட்டது. கிணற்றில் 'பேஷன்' நாலு தடவை, 'எஸ்டீம்டு யூனிவர்சிட்டி' இரண்டு தடவை. முறையான நடை என்றால் கைகட்டி நிற்பது என்று நினைத்திருந்தேன். அளந்தேன், மாற்றினேன், கிடைக்கவில்லை என்று வினைச்சொல்லை நேராக வைத்தாலே முறையாகிவிடுகிறது, எஸ்டீம்டுக்கு இடமே வருவதில்லை.

நிஜமான வித்தியாசம் 'ஏன் இந்தப் பல்கலைக்கழகம்' என்ற பத்தியில். என் தீர்ப்பே இதை வைத்துத்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கிணற்றில் அந்தப் பத்தி, உலகப் புகழ் பெற்ற பேராசிரியர்கள், நவீன ஆய்வகங்கள், பல நாட்டு மாணவர்கள் என்று போகும். பெயரை மட்டும் மாற்றி இரண்டு இடத்துக்கும் அனுப்பினேன். மாற்றினாலும் ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை, கோளாறே அதுதான். அதைத் திருத்த எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. 'சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்' என்ற ஆசைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பொருந்தும், அதனால் எதையும் குறிப்பாகச் சொல்ல வராது.

அந்த ஆறு லிட்டர் வந்த பிறகு நிலைமை வேறு. நெதர்லாந்தின் ட்வென்டேயில் மெம்பரேனுக்கென்றே ஆராய்ச்சிக் குழுக்கள் உள்ளன. அங்கே எழுதும்போது கேள்வி மெம்பரேனின் மேற்பரப்பைப் பற்றியது: என்ன ஒட்டுகிறது, ஏன் கழன்று வருவதில்லை. அந்தக் குழுக்களின் பக்கத்தையும் பாடத்திட்டத்தையும் படித்து, இந்தக் கேள்விக்கு எந்தப் பாடம் எனக்குக் குறைகிறது என்று இரண்டு வரி எழுதினேன். இரண்டாவது இடம் ஜெர்மனியில் தண்ணீர்ச் சுத்திகரிப்புப் படிப்பு, சிவில் துறையின் கீழ். அங்கே மெம்பரேன் மேற்பரப்பைப் பேசி யாருக்கு என்ன லாபம்? அதே ப்ராஜெக்டின் மறுமுனையை எடுத்தேன்: சாயம் செறிந்து மிஞ்சும் தண்ணீரை என்ன செய்வது, எவாப்பரேட்டரின் சுமை எவ்வளவு குறையும். ப்ராஜெக்ட் பத்தியில் கடைசி வரி தவிர ஓர் எழுத்து மாறவில்லை, அந்த வரியும் பொருத்தப் பத்தியும்தான் மாறின. மூன்றாவது இடத்துக்கும் அப்படியே.

நாலாவதாக ஓர் இடம் பட்டியலில் இருந்தது. தரவரிசையில் மற்ற மூன்றையும்விட மேலே. மூன்று ராத்திரி உட்கார்ந்தும் அந்தப் பத்தி வரவில்லை. பாடத்திட்டத்தை வரி வரியாகப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது. பெயரில் சுற்றுச்சூழல் இருந்தாலும் படிப்பு பெரும்பாலும் காற்று மாசும் கொள்கையும். விண்ணப்பிக்கவே இல்லை. ஜெர்மனியில் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 30. அமெரிக்காவில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும் இடங்கள் நிறைய. கிணறாக இருந்திருந்தால் பெயரை மாற்றி அனுப்பிக் காசைக் கட்டியிருப்பேன்.

ஒரு பள்ளத்தில் நானும் விழப் பார்த்தேன். பொருத்தம் என்றால் பேராசிரியர் பெயர்களை அடுக்குவது என்று நினைத்து முதலில் ஐந்து பெயர் எழுதினேன். தேடிப் பார்த்தால் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், இன்னொருவர் வேறு நாட்டுக்கே போய்விட்டார். அவர்களுடைய சமீபத்திய கட்டுரை ஒன்றையாவது படித்து, அதற்கும் என் ஆறு லிட்டருக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வாக்கியம் சொல்ல முடிந்த பெயரை மட்டும் வைத்தேன். ஓரிடத்தில் ஒன்று தேறியது, இன்னோரிடத்தில் ஒன்றுமில்லை. அங்கே பாடங்களின் பெயரோடு நிறுத்திக்கொண்டேன், குறையாகத் தெரியவில்லை.

செலவு என்று பார்த்தால் கிணறுதான் மலிவு. ஒருமுறை எழுதினால் போதும், அப்புறம் பெயர் மாற்றப் பத்து நிமிடம். மெம்பரேனுக்கு ஓர் இடத்துக்கு நாலைந்து நாள் ஆனது. வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் மூன்று இடத்துக்கு மேல் எனக்கு முடியவில்லை. பத்து இடத்துக்குப் போடுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்களோ.

இதெல்லாம் இன்ஜினியரிங் எம்.எஸ்.ஸுக்கு. சமூகப்பணியோ பொதுச் சுகாதாரமோ படிக்கப் போகிறவருக்கு அப்பாருவின் கிணறே ப்ராஜெக்டாக இருக்கலாம், நான் சொல்ல ஆளில்லை. இன்னொன்று, கிணறு போன இரண்டு இடத்திலும் கிடைக்கவில்லை, மெம்பரேன் போன மூன்றில் இரண்டில் கிடைத்தது. ஆனால் நடுவில் ஒரு வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்திருந்தேன், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண்ணும் ஏறியிருந்தது. எல்லாம் எஸ்.ஓ.பி.யால்தான் என்று சொன்னால் அது பொய்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். ஓரிடத்தில் ஆன்லைனில் இருபது நிமிடம் பேசினார்கள். முதல் கேள்வியே, அந்த 34 ஏன் 40 ஆகவில்லை என்று நினைக்கிறீர்கள். பாதி நேரம் அதிலேயே போனது. கிணற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது மெம்பரேனிலும் இருந்தது, ஒரே வாக்கியமாக: நான் வளர்ந்த ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, அதனால் உப்பை எடுத்தேன்.

போன வாரம் கோபியிலிருந்து சித்தப்பா பையன் அவனுடைய வரைவை அனுப்பியிருந்தான். மெக்கானிக்கல் படித்தவன், ப்ராஜெக்ட் மஞ்சள் காயவைக்கும் சோலார் ட்ரையர். 'சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது' என்று ஆரம்பம். போனில் கூப்பிட்டேன்.

"தம்பி, ட்ரையர் எப்படி ஓடுச்சு?"

"நல்லாத்தானுங்ண்ணா ஓடுச்சு. கடைசித் தட்டுல இருக்கறது மட்டும் காயவே இல்லீங்."

"ஏன்?"

"காத்து அங்க போறதுக்குள்ள ஈரமாயிருதுங். தட்ட மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தமுங், அப்பவும் சரியா வரல. அதனால அத எழுதலீங்."

"முதல் பத்தியில அத எழுது. எழுதிட்டு அனுப்பு, பாக்கறேன்."