ஸ்லைட் தொகுப்பிலிருந்து சொல்விளக்கப் பட்டியல்: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பின்

மாங்குளத்தில் கடனுதவிச் சங்கமொன்றில் பணிபுரியும் நண்பர் ஒருவர், தமது பயிற்சி ஸ்லைட்டுகளிலுள்ள சொற்களுக்கு எளிய விளக்கப் பட்டியல் தயாரிக்க நான் கையாளும் முறை பயன் தருமா என்று சென்ற வாரம் கேட்டார். கிளிநொச்சிக் கிராமங்களில் மாதர் சங்கங்களுக்கான கடன் பயிற்சிகளுக்காக இரண்டு ஆண்டுகளில் நான்கு தொகுப்புகளை அவ்வாறு செய்திருப்பதால், நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன்.

முறை எளியது. தொகுப்பை PowerPoint-இல் `Outline/RTF` வடிவில் சேமித்து, அதிலிருந்து சொற்களைப் பொறுக்கி, சொல், ஸ்லைட் எண், அங்கு அது வரும் வாக்கியம், விளக்கம் என நான்கு நிரல்களில் இடுவேன். தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் என ஒதுக்கிய கட்டங்களின் எழுத்து மட்டுமே அவ்வடிவில் வரும். தனியாக வரைந்த எழுத்துப் பெட்டிகளும், படமாக ஒட்டிய அட்டவணைகளும், பேச்சாளர் குறிப்புகளும் வராது. முதல் தொகுப்பில் "பிணையாளி" என்ற சொல்லே எனக்கு இப்படித்தான் தவறிப்போனது.

ஆயினும் என் பொறுமையை இரண்டு ஆண்டுகளாகத் தின்பது அதுவல்ல, ஆங்கில விசைக் குறிகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய பழைய பாமினி எழுத்துரு. திரையில் "வட்டி" என்று அழகாக நிற்பது, எடுத்த கோப்பில் `tl;b` என்று வரும்; கடன் `fld;` ஆகிவிடும், தவணை `jtiz` ஆகிவிடும். ஒரே தொகுப்பில் பழைய ஸ்லைட்டுகள் பாமினியிலும் புதியவை யுனிகோட்டிலும் இருப்பதால், தவணை என்று தேடினால் பாதி இடங்களே அகப்படும். அச்சொல் இரண்டு தடவைதான் வருகிறதென்று நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். முழுக்கோப்பையும் பாமினியை யுனிகோட்டாக்கும் மாற்றியில் போட்டால் வேறு வினை: பாமினியில் காற்புள்ளி விசை "இ" என்பதால், யுனிகோட்டில் சரியாக இருந்த 60,000 என்பது 60இ000 ஆக வெளிவரும். எண்களுக்கு நடுவே "இ" நின்றால், மாற்றக்கூடாததை மாற்றிவிட்டீர்கள் என்று பொருள். ஆகவே பாமினி ஸ்லைட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து மாற்ற வேண்டும். நாற்பது ஸ்லைட்டுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இவ்வளவு சினத்துக்குப் பிறகும் மூன்றாவது நிரலை நான் பாராட்டியே ஆக வேண்டும். சொல்லை அது வரும் வாக்கியத்தோடு வைத்தபோதுதான், ஏழாம் ஸ்லைட்டில் "நிலுவை" என்பது இன்னும் கட்ட வேண்டிய மொத்தக் கடனையும், பத்தொன்பதாம் ஸ்லைட்டில் நாள் கடந்தும் கட்டாத தவணையையும் குறிப்பது தெரிந்தது. ஒழுங்காகக் கட்டிவரும் ஒருவருக்கு "உங்களுக்கு நிலுவை உண்டு" என்றால் அவர் பதறிப்போவார். முதலாவதை "மீதிக் கடன்" என்றும் இரண்டாவதை "தவறிய தவணை" என்றும் பிரித்து, ஸ்லைட்டுகளையும் திருத்தினேன்.

விளக்கம் எழுதுவதே மிகக் கடினமான பகுதி. பிளாட் ரேட் என்பதற்கு ஸ்லைட்டில் "முதல் தொகையின் மீது நிலையான வீதத்தில் அறவிடப்படும் வட்டி" என்றிருந்தது. அதையே பட்டியலிலும் இட்டேன். வாசித்துப் பார்த்த ஓர் அம்மா, "நிலையானது என்றால் ஏறாதுதானே தம்பி, நல்லதுதானே?" என்று கேட்டார். அன்றிரவே மாற்றி எழுதினேன்: "நீங்கள் எவ்வளவு திருப்பிக் கட்டியிருந்தாலும், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி கணக்கிடும் முறை." கீழே ஒரு கணக்கும் சேர்த்தேன். 60,000 ரூபாயை ஆண்டுக்கு 24 வீதத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு வாங்கினால், பிளாட் ரேட்டில் வட்டி 14,400 ரூபாய். மாதம் 5,000 ரூபாய் முதலைக் கட்டி, மீதிக் கடனுக்கு மட்டும் மாதம் 2 வீதம் வட்டி கொடுத்தால், முதல் மாதம் 1,200 ரூபாயில் தொடங்கிக் கடைசி மாதம் 100 ரூபாயாக இறங்கி, மொத்தம் 7,800 ரூபாய்தான் வரும். சொல்லப்படும் வீதம் இரண்டிலும் ஒன்றே. அந்த அம்மா கணக்கைப் பார்த்துவிட்டு, தமது கடன் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தார்.

அதன் பின் ஒரு விதி வைத்திருக்கிறேன்: விளக்கத்துக்குள் பட்டியலிலுள்ள இன்னொரு சொல் வந்தால், அச்சொல்லை முன்பே விளக்கியிருக்க வேண்டும். மேலே உள்ள விளக்கத்தில் "வட்டி" வருவதால் வட்டிதான் முதல் வரி. அகர வரிசையை இதற்காகவே கைவிட்டேன். தேடுவதற்குச் சற்றுச் சிரமம் என்றாலும், நாற்பது சொற்களுக்கு மேற்படாத பட்டியலில் அது பெரிய குறையல்ல.

நண்பருக்கு என்ன பதில் சொன்னேன்? ஸ்லைட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, கொப்பியில் பேனாவால் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவருடைய தொகுப்பு முழுவதும் பாமினி என்பதால், எடுத்த கோப்பில் ஒரு சொல்லையும் அப்படியே வாசிக்க முடியாது. என் நான்கு நிரல் கோப்பையும் அனுப்பிவைத்தேன். மூன்றாவது நிரலை மட்டும் கைவிட வேண்டாம் என்றேன்.