எச்சத்தால் கோப்பதா, முடித்துவிட்டு இணைப்பதா: மனு எழுதும்போது எது நிற்கும்?

இராமநாதபுரம் கடற்கரையில் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மீனவர்களுக்காக மனுவும் சங்கத் தீர்மானமும் எழுதிக் கொடுப்பவர்களிடம் இரண்டு எழுத்து முறைகள் இருக்கின்றன. முதலாவது, நடந்ததை எல்லாம் ‘சென்று’, ‘பார்த்து’, ‘அறுந்து’, ‘கேட்டதால்’ என்று எச்சங்களாகக் கோத்து, கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றில் முடிப்பது. இரண்டாவது, ஒவ்வொரு செய்தியையும் முற்றுவினையில் முடித்துவிட்டு, அடுத்த வாக்கியத்தை ‘ஆனால்’, ‘எனினும்’, ‘அதனால்’, ‘எனவே’, ‘ஏனெனில்’ போன்ற ஓர் இணைப்புச் சொல்லால் தொடங்குவது. நான் முதல் முறையில் பழகி, இரண்டாவதற்கு மாறியவன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் முறைக்கு உரிய நியாயத்தை மறுக்க முடியாது. எச்சத்தால் கோப்பது தமிழின் இயல்பான ஓட்டம். நம் பேச்சே அப்படித்தான் போகிறது. நிகழ்ச்சிகளின் வரிசை தானாகத் தெரியும், சொற்களும் குறையும். இரண்டாவது முறையில் வாக்கியங்கள் குட்டையாகி, ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இணைப்புச் சொல் உட்கார்ந்திருப்பது சிலருக்குச் செயற்கையாகப் படும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. மனுவைப் பொறுத்தவரை முடிவு செய்வது வேறொன்று: யார் செய்தார் என்பது, அதாவது வினைமுதல், வாக்கியத்தின் இறுதிவரை தொலையாமல் இருக்கிறதா என்பது.

நன்னூல் இதைத் தெளிவாக வகுத்திருக்கிறது. ‘செய்து’ முதலிய வாய்பாட்டு எச்சங்கள் தம் வினைமுதலையே முடிக்கும் வினைக்கும் வினைமுதலாகக் கொள்ளும். ‘செய்ய’, ‘செய்தால்’ போன்றவை பிறர் வினையையும் ஏற்கும். ‘நான் வலையை விரித்து வந்தேன்’ என்றால் விரித்தவனும் வந்தவனும் நானே. ‘நான் வலையை விரித்து விசைப்படகு வந்தது’ என்று எழுதினால் தமிழறிந்தவரின் காது உடனே நெருடும். விதிவிலக்கும் உண்டு. ‘கால் இற்று வீழ்ந்தான்’ என்பதில் கால் என்னும் சினையின், அதாவது உறுப்பின், வினை அதை உடைய முதலோடு முடிகிறது; ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்பதில் ‘பெய்து’ என்னும் எச்சம் ‘பெய்ய’ என்ற காரணப் பொருளில் நிற்பதாக இலக்கணம் ஏற்கிறது. இந்த இரண்டாவது விலக்குதான் மனுவில் ஆபத்தாக முடிகிறது. மழைக்கும் நெல்லுக்கும் உள்ள தொடர்பை எவரும் மறுக்கப் போவதில்லை என்பதால் அங்கே ‘பெய்து’ போதும். விசைப்படகுக்கும் அறுந்த வலைக்கும் உள்ள தொடர்பை எதிர்த்தரப்பு மறுக்கும். ஆகவே இங்கே எச்சம் போதாது.

ஒரு மனுவின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு தம்பி வேறொருவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தது இது:

“நான் ஞாயிற்றுக்கிழமை மாலை வடகடலில் நண்டு வலை விரித்துவிட்டுக் கரை திரும்பி மறுநாள் விடியற்காலை சென்று பார்த்தபோது விசைப்படகு வலையின் மேல் ஏறிச் சென்று மிதவைகள் அறுபட்டு வலை பாதிக்கு மேல் காணாமல் போய் கேட்டபோது மறுத்துவிட்டதால் தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு வேண்டுகிறேன்.”

முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று. இலக்கணம் தெரியாதவர் எழுதியது என்று இதைத் தள்ளிவிட முடியாது. வரிசை சரியாகவே இருக்கிறது. எனினும் மூன்று இடங்களில் வாக்கியம் கையை விடுகிறது. ‘சென்று பார்த்தபோது விசைப்படகு வலையின் மேல் ஏறிச் சென்று’ என்பதைப் படிக்கும் அதிகாரி, மனுதாரர் தம் கண்ணால் படகைப் பார்த்தார் என்றே எடுத்துக்கொள்வார். ‘ஏறிச் சென்று மிதவைகள் அறுபட்டு’ என்ற இடத்தில் வினைமுதல் படகிலிருந்து மிதவைக்குத் தாவிவிடுகிறது. படகால்தான் அறுந்தது என்று எந்தச் சொல்லும் சொல்லவில்லை. ‘கேட்டபோது மறுத்துவிட்டதால்’ என்பதில் கேட்டவரும் இல்லை, மறுத்தவரும் இல்லை.

“தம்பி, படகு மேல போனதை நீயே பாத்தியா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே. பக்கத்துல வலை போட்டிருந்த ரெண்டு பேரு பாத்து எங்கிட்ட சொன்னாங்க.”

வாக்கியத்தை உடைத்தவுடன் இந்தக் கேள்வி தானாக எழுந்தது. முற்றுவினையில் முடிக்க வேண்டுமானால் ‘சென்றது’ என்று எழுத வேண்டும்; ‘சென்றது’ என்று எழுதினால், அது யாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டே ஆக வேண்டும். ‘சென்று’ என்ற எச்சத்தில் அந்தக் கேள்வி ஒளிந்துகொள்கிறது. நான் எழுதிக் கொடுத்தது இப்படி:

“ஞாயிற்றுக்கிழமை மாலை நான் வடகடலில் நண்டு வலை விரித்துவிட்டுக் கரை திரும்பினேன். மறுநாள் விடியற்காலை நான் சென்று பார்த்தபோது மிதவைகள் அறுபட்டிருந்தன. வலையில் பாதிக்கு மேல் காணவில்லை. வலை கிடந்த இடத்தின் மேல் விசைப்படகு ஒன்று சென்றதை அருகில் வலை போட்டிருந்த இருவர் பார்த்து என்னிடம் கூறினர். எனவே அப்படகின் உரிமையாளரை நான் நேரில் கேட்டேன். ஆனால் அவர் மறுத்துவிட்டார்.”

முதல் வாக்கியத்தில் ‘விரித்துவிட்டு’ என்ற எச்சத்தை நான் தொடவில்லை, ஏனெனில் விரித்தவரும் திரும்பியவரும் ஒருவரே. எச்சத்தை ஒழிப்பது என் நோக்கமே அன்று. ‘செய்து’ வாய்பாட்டு எச்சத்தை அடுத்து வினைமுதல் மாறும் இடத்தில் வாக்கியத்தை முடிக்க வேண்டும் என்பது மட்டுமே நான் கைக்கொள்ளும் விதி. சோதிப்பதும் எளிது. அத்தகைய ஒவ்வோர் எச்சத்தின் மேலும் விரலை வைத்து ‘யார்?’ என்று கேட்க வேண்டும். விடை மாறினால் அதற்கு முன்பே முற்றுப்புள்ளி விழுந்திருக்க வேண்டும்.

பிரித்து எழுதினால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. பார்த்த இருவரில் ஒருவர் பின்னர் சாட்சி சொல்லத் தயங்கினால் ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் போதும். கோத்த வாக்கியத்தில் ஒரு கண்ணியைத் தொட்டால் முன்பின் இரண்டும் கழன்றுவிடும்.

எந்த இணைப்புச் சொல்லைப் போடுவது என்பதிலும் கவனம் தேவை. மேலே ‘எனவே’ என்று எழுதினேன். ‘அதனால்’ என்று எழுதியிருந்தாலும் அங்கே குற்றம் இல்லை. ஆனால் வலை அறுந்த காரணத்தைச் சொல்லும் இடத்தில் இரண்டும் ஒன்றல்ல. ‘விசைப்படகு மேலே சென்றது. அதனால் மிதவைகள் அறுந்தன’ என்பது காரணத்திலிருந்து விளைவுக்குப் போகிறது. சொல்பவர் இரண்டையும் அறிந்திருக்கிறார். ‘மிதவைகள் ஒரே சீராக அறுந்து கிடந்தன. எனவே படகின் விசிறி பட்டிருக்க வேண்டும்’ என்பது விளைவைப் பார்த்துக் காரணத்தை ஊகிக்கிறது. இந்த இரண்டாவதை ‘அதனால்’ போட்டு எழுதினால், மிதவை அறுந்ததால் படகின் விசிறி பட்டது என்ற தலைகீழ்ப் பொருள் எட்டிப் பார்க்கும். மீன்வளத் துறை அதிகாரியோ காவல் நிலையத்தில் எழுதிக்கொள்பவரோ பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாகத்தான் எடை போடுவார்கள்.

காரணம் சொல்வதில் மட்டும் முதல் முறைக்குப் பாதி வெற்றி கொடுப்பேன். காரணம் சிறியதாக இருந்தால் ‘வாடைக்காற்று பலமாக அடித்ததால் நாங்கள் கடலுக்குச் செல்லவில்லை’ என்பதே நல்ல தமிழ். ‘நாங்கள் கடலுக்குச் செல்லவில்லை. ஏனெனில் வாடைக்காற்று பலமாக அடித்தது’ என்று பிரிப்பதால் பயன் ஏதும் இல்லை. ஆனால் முடிக்கும் வினை எதிர்மறையாக இருந்து, சொல்லப்படும் காரணமும் ஐயத்துக்கு இடமானதாக இருந்தால், பிரித்தே ஆக வேண்டும். ‘எல்லை தாண்டியதால் படகு பிடிக்கப்படவில்லை’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். படகு பிடிபட்டது, ஆனால் எல்லை தாண்டியதற்காக அல்ல என்பது ஒரு பொருள். படகு பிடிபடவே இல்லை, எல்லை தாண்டியதே அதற்குக் காரணம் என்பது இன்னொரு பொருள். பாக் நீரிணையில் தொழில் செய்பவர்களுக்கு இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை. ‘படகு பிடிக்கப்பட்டது. ஆனால் எல்லை தாண்டியது அதற்குக் காரணம் அன்று’ என்று பிரித்துவிட்டால் இடறல் தீர்ந்துவிடும்.

மறுதலையாகச் சொல்வதிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. கடலுக்குச் செல்ல மீன்வளத் துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கனை எடுத்துக்கொள்வோம். ‘டோக்கன் இருந்தாலும்’ என்ற தொடர், டோக்கன் இருந்தது என்று உறுதி கூறவில்லை. இருக்கும் பட்சத்திலும் என்ற பொருளையும் அது தரும். ‘டோக்கன் இருந்தும் எங்களைத் தடுத்தனர்’ என்றால் டோக்கன் இருந்தது உறுதி. எச்ச முறையில் எழுதுபவர்கள் குறைந்தது இந்த ‘இருந்தும்’ என்ற வடிவத்தையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். நான் ‘எங்களிடம் டோக்கன் இருந்தது. எனினும் எங்களைத் தடுத்தனர்’ என்றே எழுதுவேன், ஏனெனில் முதல் வாக்கியம் தனித்து நிற்கிறது. டோக்கனின் நகலை இணைக்கும்போது அதற்கு நேராகக் குறிப்பு எழுதலாம். ‘இருந்தாலும் ஆனால்’, ‘காரணத்தினால் ஆகவே’ என்று இரட்டை இணைப்பு போடுவது மட்டும் எந்த முறையிலும் கூடாது. ஒன்று இணைத்த பிறகு மற்றதற்கு அங்கே வேலை இல்லை.

என் முறைக்கும் ஒரு நோய் உண்டு. அதன் பெயர் ‘மேலும்’. முற்றுப்புள்ளிகள் பெருகியவுடன், அடுத்த வாக்கியத்துக்கும் முந்தையதற்கும் என்ன உறவு என்று எண்ணிப் பாராமல், ‘மேலும்’ என்று தொடங்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அச்சொல் காரணத்தையும் சொல்வதில்லை, முரணையும் சொல்வதில்லை. அதை அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் குறையாது. குறைகிறது என்று தோன்றினால், அங்கே வர வேண்டியது ‘ஆனால்’ அல்லது ‘அதனால்’ என்பது அப்போதே புலப்படும்.

நீதிமன்றத்துக்குப் போகும் உறுதிமொழிப் பத்திரங்களில் எனக்குப் பழக்கம் மிகக் குறைவு. அங்கே பத்திகளுக்கு எண் இட்டு எழுதும் வழக்கம் இருப்பதால் இணைப்புச் சொற்களின் தேவை குறையக்கூடும். அதை வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். சங்கத்தின் தீர்மானங்களுக்கு என் முறையே பொருந்துகிறது, ஆனால் ஒலிபெருக்கியில் வாசிக்கும் அறிவிப்புக்குப் பொருந்துவதில்லை. ‘ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் கரையில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்’ என்பதைக் குரலில் ஒரே மூச்சாகச் சொல்வதே நன்று. கேட்பவருக்கு முற்றுப்புள்ளி தெரியாது, வாசிப்பவரின் நிறுத்தம்தான் தெரியும்.