ஸ்லைடின் கடைசி வரி: ஓர் அறக்கொட்டிப் பதிவில் பாவித்துப் பார்த்தவை

வன்னிக் கமக்காரருக்கான தகவல்களை இன்ஸ்டகிராமில் ஸ்லைட் பதிவுகளாகப் போடும்போது, ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் ஒரு விடயத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை அடுத்ததற்கு விடும் முறையைப் பல போகங்களாகப் பாவித்து வருகிறோம். நல்ல முறைதான். ஆனால் கடைசி வரியை எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

“அடுத்தது மிக முக்கியம்”, “தள்ளிப் பாருங்கோ” என்ற வரிகளால் பெரிதாகப் பயனில்லை. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையில் ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கும் என்று பொருளியலாளர் ஜோர்ஜ் லோவன்ஸ்டீன் 1994இல் விளக்கினார். அப்படியென்றால் ஸ்லைட் முதலில் எதையாவது உருப்படியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் கொடுக்காமல் கேள்வியை மட்டும் தொங்கவிட்டால் வாசிப்பவருக்கு எந்த இடைவெளியும் தெரியாது.

நெற்பயிரைத் தாக்கும் அறக்கொட்டிப் பூச்சி பற்றிய பதிவை எடுத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடில் பச்சை வயலின் நடுவே வட்டமாகக் காய்ந்த பயிரின் படம். கீழே: “தண்ணீர் நிற்கிற வயலிலேயே இப்படிக் காயும். இலையில் தேடினால் காரணம் கிடைக்காது. பார்க்க வேண்டிய இடம்…”

இரண்டாவது ஸ்லைடின் முதல் சொற்களே பதில்: “பயிரின் அடி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே.” பயிரை விலக்கிப் பிடித்த கை, தண்டில் ஒட்டியிருக்கும் கபில நிறப் பூச்சிகள். அடியில்: “மேலால் மருந்தடித்தால் இவற்றில் படாது. சில மருந்துகள் இவற்றைப் பெருகவும் விடும். ஏனென்றால்…”

மூன்றாவது ஸ்லைட், அந்த மருந்துகள் அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளையும் கொன்றுவிடும் என்று தொடங்குகிறது. அதன் கடைசி வரி: “மருந்தடிக்க முதல் வாய்க்காலில் செய்ய வேண்டிய வேலை…” நான்காவது, வயல் தண்ணீரை மூன்று நான்கு நாள் வடியவிடச் சொல்கிறது. பிறகு: “பக்கத்து வயல் தப்பியதற்குக் காரணம் உரப்பையில் இருக்கலாம்.” ஐந்தாவதில் அளவுக்கு மிஞ்சிய யூரியாவும் நெருக்கமான விதைப்பும் வருகின்றன. ஆறாவது, செய்ய வேண்டியவற்றின் சுருக்கம். சேமித்து வைக்கும் ஸ்லைட் அதுதான். அதில் எந்தக் கேள்வியையும் திறந்து விடக்கூடாது.

திறந்த கேள்வி அடுத்த ஸ்லைடின் முதல் வரியிலேயே மூடப்படுவதைக் கவனியுங்கள். மூன்றாவதில் கேட்டதற்கு ஐந்தாவதில் பதில் சொன்னால், நான்காவதிலேயே ஆள் போய்விடுவார். ஒரே ஸ்லைடில் இரண்டு கேள்வி திறந்தாலும் இதுதான் நடக்கும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் வருவதால், வசனத்தை அதற்கு முன் வெட்டினாலே இழுவை கிடைக்கிறது. ஐந்தாறு சொல்லுக்குமேல் போகாமல், மற்ற எழுத்தைவிடச் சற்றுப் பெரிதாக, தனி வரியில் வையுங்கள்.

இரண்டாவது ஸ்லைடுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். முதல் முறை தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டகிராம் சிலவேளை அதே பதிவை இரண்டாவது ஸ்லைடில் இருந்து திரும்பக் காட்டும். “பயிரின் அடி” என்று மட்டும் தொடங்கினால் அவருக்கு ஒன்றும் புரியாது. மேல் மூலையில் சிறிதாக “அறக்கொட்டி: எங்கே தேடுவது?” என்று போட்டால் இந்தப் பிரச்சினை தீரும்.

எந்த ஸ்லைடோடு நின்றார்கள் என்பதைப் பின்னூட்டங்கள் காட்டிக்கொடுக்கும். “வாய்க்காலில் என்ன வேலை செய்யிறது?” என்று பலர் கேட்டால், நான்காவதுவரை அவர்கள் போகவில்லை, மூன்றாவதின் கடைசி வரியை மாற்ற வேண்டும். ஐந்தாவதில் “உங்கட வயலுக்கு எத்தனை தரம் யூரியா போட்டனீங்கள்?” என்று ஒரு கேள்வி வைத்தால், அதற்கு வரும் பதில்கள் அதுவரை வந்தவர்களுடையவை.

எங்கள் அனுபவத்தில் இந்த முறையின் பெரிய ஆபத்து, ஒரு ஸ்லைட் மட்டும் தனியே பிரிந்து போவது. கமக்காரர் ஒரு ஸ்லைடை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்; அடுத்த ஸ்லைட் அதனோடு போகாது. பிழையான நம்பிக்கையை ஒரு ஸ்லைடில் சொல்லி, “இது சரியா?” என்று முடித்து, மறுப்பை அடுத்ததில் வைத்தால், குழுவில் சுற்றுவது பிழை மட்டும்தான். ஆகவே மறுப்பு அதே ஸ்லைடில் இருக்கட்டும். அதற்கான காரணத்தை மட்டும் அடுத்ததற்கு விடுங்கள். மேலே இரண்டாவது ஸ்லைட் அப்படித்தான் எழுதப்பட்டது. மருந்தின் அளவு, கையுறை, அறுவடைக்கு முன் விட வேண்டிய இடைவெளி போன்றவற்றை எந்த ஸ்லைடிலும் பாதியில் நிறுத்த வேண்டாம். எந்த மருந்து என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கச் சொல்லும் வரியும், மருந்து பற்றிப் பேசும் ஒவ்வொரு ஸ்லைடிலும் முழுதாக இருக்க வேண்டும்.