பென்சில் குறி போட்ட இடத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டு நான் பட்ட பாடு

அம்மாவும் நானும் சேர்ந்து ஒரு கூட்டுக் கணக்கு தொடங்க நினைத்தோம். வங்கிக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்தார். "நீங்க ஒண்ணும் படிக்க வேண்டாம் சார், பென்சில்ல குறி போட்டிருக்கேன், அங்க மட்டும் சைன் பண்ணுங்க, மிச்சத்தை நான் எழுதிக்கிறேன்" என்றார். நாங்களும் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டோம். ஒரு பக்கத்தைக்கூட போட்டோ எடுத்து வைக்கவில்லை, அது முழுக்க என் முட்டாள்தனம்.

மூன்று வாரமாகியும் கணக்கு எண் வரவில்லை, ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. கிளைக்குப் போய்க் கேட்டால், படிவம் குறைகளோடு ஒரு கோப்பில் கிடக்கிறது, எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உறுதிமொழிப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது, அம்மாவுடையது இல்லை, ஏனென்றால் அங்கே ஏஜென்ட் பென்சில் குறியே போடவில்லை. கணக்கை யார் இயக்குவது என்ற இடத்திலும் டிக் இல்லை. 'இருவரில் ஒருவர்' என்று நாங்கள் வாயால் சொன்னது படிவத்தில் ஏறவில்லை. அதை கிளை ஊழியர் தானாக ஊகித்து எழுத முடியாது, அவர் பாட்டுக்கு 'இருவரும் சேர்ந்து' என்று எடுத்துக்கொண்டால் அப்புறம் ஒவ்வொரு காசோலையிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

இன்னொன்று, எந்த நாட்டில் வரி கட்டுகிறோம் என்ற உறுதிமொழி. அதில் வேறு நாட்டில் வரி கட்டுபவரா என்று கேட்டு ஆம், இல்லை என்று இரண்டு கட்டம், இரண்டுமே காலி. நமக்குப் பொருந்தாத கேள்விதானே, விட்டால் 'இல்லை' என்றுதானே அர்த்தம் என்று நான் கேட்டேன். அப்படி இல்லையாம். வேறு நாட்டில் வரி கட்டுபவர்களின் கணக்கு விவரங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொள்ள, ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2014இல் சிஆர்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. அதை ஏற்ற நாடுகளில், புதுக் கணக்கு தொடங்குபவரிடம் இதை வங்கி எழுத்தில் வாங்கியாக வேண்டும், காலிக் கட்டம் பதில் ஆகாது.

சரி, எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்தோம், கணக்கும் வந்தது. அம்மா போட்ட முதல் காசோலையே 'கையெழுத்து ஒத்துப்போகவில்லை' என்று திரும்பியது. கவுன்டரில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார். மாதிரிக் கையெழுத்துக் கட்டத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், காசோலை வந்தால் அந்தப் படத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். அம்மா எப்போதும் இனிஷியலை முன்னால் போட்டு, கடைசி எழுத்தின் வாலை நீட்டி அடியில் கோடாக இழுப்பார். சோபாவில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதியதில், கட்டம் போதாமல் எழுத்துகளைக் குறுக்கி, இனிஷியலைப் பின்னால் செருகியிருக்கிறார், வால் கட்டத்துக்கு வெளியே போய் ஸ்கேனில் வெட்டுப்பட்டிருக்கிறது. திரையில் இருந்தது பார்க்க வேறு யாரோ போட்ட கையெழுத்து மாதிரிதான் இருந்தது, திருப்பி அனுப்பியவரைக் குறை சொல்ல முடியவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். அடையாள அட்டை நகலைப் பக்கத்தில் வைத்து, அதிலுள்ள கையெழுத்து, உறுதிமொழிப் பக்கத்தில் உள்ளது, மாதிரிக் கட்டத்தில் உள்ளது மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிறேன். இனிஷியல் எந்தப் பக்கம், எந்த மொழி, கடைசிக் கோடு கட்டத்துக்குள் முடிகிறதா என்று பார்த்தால் போதும். வெள்ளைத் தாளில் அதே அளவுக் கட்டம் வரைந்து இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு எழுதினால் குறுக்க வேண்டி வராது. மாதிரிக் கட்டத்தில் பிசகினால் மேலே திருத்தி எழுதவே கூடாது, புதுப் பக்கம் கேளுங்கள். அப்புறம், பென்சில் குறியை விட்டுவிட்டு 'கையொப்பம்' என்று அச்சான இடங்களை முதல் பக்கத்திலிருந்து நீங்களே எண்ணுங்கள். எங்கள் படிவத்தில் ஆளுக்கு ஏழு. எண்ணியிருந்தால் அம்மாவுக்கு ஆறுதான் இருக்கிறது என்று அங்கேயே தெரிந்திருக்கும்.

கடைசியாக, எனக்கு இன்னும் ஆறாத ஒன்று. குறைகளைச் சரிசெய்யும்போதுதான் பார்த்தேன், காப்பீடு போன்ற பிற திட்டங்களுக்கு என் விவரங்களைப் பகிரச் சம்மதம் என்ற கட்டத்தில் மட்டும் டிக் விழுந்திருந்தது. நாங்கள் இருவரும் எழுதியது நீல மை, அந்த டிக் கறுப்பு மை. எங்களுக்குத் தேவையான கட்டங்களை விட்ட அந்த மனிதருக்கு இது மட்டும் மறக்கவில்லை பாருங்கள்! காலியாக விட்டுக் கொடுத்தால் யார் வேண்டுமானாலும் டிக் போடலாம், அதனால் வேண்டாத கட்டத்தில் 'வேண்டாம்' என்று எழுதிவிட்டே கொடுங்கள். அந்தச் சம்மதத்தை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் எழுதி, நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்திருக்கிறேன். காப்பீட்டுக்காரர்களின் போன் மட்டும் இன்னும் நின்றபாடில்லை.