ஒழுங்கில்லாமல் போட்ட காசுக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு? நான்கு கணக்குகள், நான்கு விடைகள்

யாழ்ப்பாணத்தில் மாதாமாதம் ஒரே தொகையைச் சேமிக்கிற வீடுகள் குறைவு. வெங்காயம் விற்றால் கொஞ்சம் மிஞ்சும், கனடாவிலிருந்து தம்பி அனுப்பினால் மொத்தமாக வரும், பிறகு ஆறு மாதம் ஒன்றுமே வராது. இப்படி வருகிற காசை, பலரின் காசைச் சேர்த்து முதலிட்டு அவரவர் பங்கை அலகுகளாகத் தருகிற நிதியமான ஒரு யூனிட் டிரஸ்டில் போட்டுக்கொண்டே வந்தால், ஈராண்டு கழித்து "இது வருடத்துக்கு எத்தனை சதவீதம் தந்தது?" என்ற கேள்விக்கு விடை சொல்வது எளிதல்ல. அந்த விடை பிழைத்தால் நல்ல முதலீட்டைக் கைவிட்டுவிட்டு, குறைவாகத் தருகிற ஒன்றுக்குக் காசை மாற்றிவிடுவோம்.

ஒரு உதாரணக் கணக்கை எடுப்போம். கோண்டாவிலில் இருக்கும் ஒரு அக்காவுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிதாளில் போட்ட காசெல்லாம் கழித்தல் குறியோடும், கைக்கு வந்த காசெல்லாம் கூட்டல் குறியோடும் இருக்கின்றன. கடைசி வரி, அன்றைக்கு எல்லா அலகுகளையும் விற்றால் கிடைக்கக்கூடிய பெறுமதி.

| | A (திகதி) | B (ரூபா) | விபரம் |
|---|---|---|---|
| 2 | 10-01-2024 | -100000 | முதல் வைப்பு |
| 3 | 15-11-2024 | -50000 | வெங்காயக் காசு |
| 4 | 05-06-2025 | -300000 | கனடாக் காசு |
| 5 | 10-10-2025 | 50000 | மகளின் படிப்புக்கு எடுத்தது |
| 6 | 10-01-2026 | 461000 | அன்றைய பெறுமதி |

மொத்தம் போட்டது 450,000. எடுத்ததும் இருப்பதும் சேர்ந்து 511,000. இலாபம் 61,000 ரூபா. இதுவரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. அந்த 61,000 ரூபாவை ஆண்டு வீதமாக மாற்றும்போதுதான் விடைகள் பிரிந்து போகின்றன.

முதலாவது: மொத்த இலாபத்தை ஆண்டுகளால் வகுப்பது

பலரும் செய்வது இதைத்தான். 61,000 என்பது 450,000இல் 13.6 சதவீதம். இரண்டு ஆண்டால் வகுத்தால் 6.8. இதையே கொஞ்சம் நாகரிகமாக, கூட்டு வளர்ச்சி வீதமாகப் போட்டால்:

```
=(511000/450000)^(365/731)-1
```

விடை சுமார் 6.6 சதவீதம். ஒன்பது சதவீதம் தருகிற நிலையான வைப்பு பக்கத்து வங்கியில் இருக்கும்போது 6.6 என்று பார்த்தால் அந்த அக்கா என்ன சொல்லுவார்? "எஃப்.டி.யிலேயே போட்டிருக்கலாம் போல கிடக்கு" என்பார். கணக்கு அவரை அப்படித்தான் சொல்ல வைக்கும்.

ஆனால் இந்தக் கணக்கு 450,000 ரூபாவும் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்ததாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அந்தப் பெரிய மூன்று இலட்சம் வந்தது கடைசி ஏழு மாதத்துக்குத்தான். ஏழு மாதம் உழைத்த காசிடம் இரண்டு வருட இலாபம் கேட்பது நியாயமா?

இதை ஒரு தாளில் எழுதியே பார்க்கலாம். ஒவ்வொரு தொகையும் எத்தனை மாதம் உள்ளே இருந்தது என்று பெருக்குங்கள். ஒரு இலட்சம் 24 மாதம், ஐம்பதாயிரம் ஏறக்குறைய 14 மாதம், மூன்று இலட்சம் 7 மாதம். எடுத்த ஐம்பதாயிரம் 3 மாதம் வெளியே இருந்ததால் அதைக் கழிக்க வேண்டும். ரூபாவை மாதத்தால் பெருக்கி வருகிற மொத்தம் 50 இலட்சத்து 50 ஆயிரம். 450,000 ரூபாவும் 24 மாதம் முழுக்க இருந்திருந்தால் அது 1 கோடி 8 இலட்சமாக இருந்திருக்கும். ஆக, முதல் கணக்கு நினைத்ததில் பாதிக்கும் குறைவான அளவுதான் காசு உண்மையில் வேலை செய்திருக்கிறது. 50.5 இலட்சத்தை 12ஆல் வகுத்தால் 420,833. அதில் 61,000 என்பது 14.5 சதவீதம். தோராயமான கணக்குத்தான், ஆனாலும் 6.6 எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது: IRR

விரிதாளில் திகதிகளையும் பார்த்து ஆண்டு வீதம் சொல்கிற `XIRR` என்ற சூத்திரத்தைத் தேடுபவர் கையில் பெரும்பாலும் முதலில் அகப்படுவது `IRR`. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டும் போட்ட காசையும் எடுத்த காசையும் சமப்படுத்தும் வீதத்தைத்தான் தேடுகின்றன. ஆனால் `IRR` திகதியைப் பார்ப்பதே இல்லை. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் ஒரே அளவு காலம் என்று எடுத்துக்கொள்கிறது. நம் அட்டவணையில் முதல் இடைவெளி பத்து மாதம், கடைசி இடைவெளி மூன்று மாதம்.

`=IRR(B2:B6)` என்று போட்டால் 5.3 சதவீதம் வரும். இது ஆண்டுக்கு உரியதும் அல்ல, "ஒரு வரிக்கு" உரியது. மாதாமாதம் அதே திகதியில் கட்டுகிற சீட்டுக்கு `IRR` சரியாக வேலை செய்யும், வருகிற மாத வீதத்தை ஆண்டுக்கு மாற்றிக்கொண்டால் போதும். இங்கே அது பொருந்தாது.

மூன்றாவது: XIRR

```
=XIRR(B2:B6,A2:A6)
```

விடை 14.0 சதவீதம். முதலில் தொகைகள், பிறகு திகதிகள் என்பதே வரிசை. `XIRR` ஒவ்வொரு தொகையும் முதல் திகதியிலிருந்து எத்தனை நாள் தள்ளி நிற்கிறது என்று எண்ணி, அதை 365ஆல் வகுக்கிறது. பிறகு எல்லாத் தொகைகளையும் முதல் நாளுக்குக் கழித்துக் கொண்டுவந்தால் கூட்டுத்தொகை பூச்சியமாகிற வீதத்தை முயன்று முயன்று கண்டுபிடிக்கிறது. தாளில் கண்ட 14.5 கூட்டுவட்டி பாராத, மாதங்களை முழுதாக்கிய கணக்கு. அதனால்தான் அரைப் புள்ளி வித்தியாசம்.

விடையை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. `XIRR` விடை D2இல் இருந்தால்:

```
=XNPV(D2,B2:B6,A2:A6)
```

இது பூச்சியத்தை ஒட்டி வர வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்தால் ஏதோ பிழை.

பிழைகள் பெரும்பாலும் திகதியில்தான் வரும். நாங்கள் 10/01/2024 என்று எழுதினால் தை மாதம் பத்தாம் திகதி. அமெரிக்க அமைப்பில் இருக்கிற விரிதாள் அதை ஒக்டோபர் முதலாம் திகதி என்று வாசிக்கும். 15/11/2024 என்பதில் பதினைந்தாம் மாதம் இல்லாததால் அதை வெறும் எழுத்தாக விட்டுவிடும். அது கலத்தின் இடது பக்கம் ஒட்டி நிற்கும், `XIRR` பிழை காட்டும். அப்படிப் பிழை காட்டுவது நல்லதுதான். எல்லா நாட்களும் 12க்குள் இருந்தால் பிழையே காட்டாமல் தவறான விடை வந்துவிடும். கூகுள் ஷீட்டில் `File > Settings > Locale` போய் நாட்டை மாற்றுங்கள். அல்லது சந்தேகத்துக்கே இடமில்லாமல் `=DATE(2024,1,10)` என்று எழுதுங்கள்.

`#NUM!` வந்தால் பெரும்பாலும் குறிகள் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும். கடைசி வரியில் இன்றைய பெறுமதியைப் போட மறந்தாலும் இதுபோன்ற சிக்கல்தான். எக்செலில் இன்னொன்று கவனிக்க வேண்டும்: நட்டத்தில் இருக்கும் கணக்கில் சில வேளை விடை 0.00% என்று தோன்றும். கலத்தை விரித்துப் பார்த்தால் 2.98E-09 என்று இருக்கும். அது விடை அல்ல, தேடல் தோற்றுப்போனதன் அடையாளம். மூன்றாவது உள்ளீடாக ஒரு தொடக்க ஊகத்தைக் கொடுத்தால் சரியாகும்:

```
=XIRR(B2:B6,A2:A6,-0.1)
```

நான்காவது: அலகு விலையை மட்டும் பார்ப்பது

`XIRR` 14 என்று சொன்னதும் "நல்ல நிதியம்" என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இந்த உதாரணத்தில் அலகின் விலை தொடக்கத்தில் 20 ரூபா, கடைசியில் 25 ரூபா. இடையில் பங்கிலாபம் எதுவும் பிரித்துக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

```
=(25/20)^(365/731)-1
```

இது 11.8 சதவீதம். நிதியம் தந்தது இவ்வளவுதான். அக்காவின் காசுக்கு 14 கிடைத்ததற்குக் காரணம், மூன்று இலட்சம் வந்த 2025 ஜூனில் அலகு விலை 22.50. அங்கிருந்து ஏழு மாதத்தில் விலை 11 சதவீதம் ஏறிவிட்டது. பெரிய காசு நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது. அதே மூன்று இலட்சம் முதல் நாளே வந்திருந்தால் ரூபாவில் இலாபம் கூடியிருக்கும், ஆனால் வீதம் 12ஐ ஒட்டித்தான் நின்றிருக்கும்.

எனவே இரண்டு நிதியங்களில் எது கெட்டித்தனமாக நடத்தப்படுகிறது என்று பார்ப்பதானால், அலகு விலை வளர்ச்சியைத்தான் ஒப்பிட வேண்டும். தம்பி எப்போது காசு அனுப்பினார் என்பதற்கு நிதியத்தை நடத்துபவர் பொறுப்பல்ல. "என் காசு நிலையான வைப்பில் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்" என்ற கேள்விக்கு மட்டும் `XIRR`. அக்கா கேட்பது இரண்டாவது கேள்வியை.

சரி, அந்தக் கேள்விக்கே நேராகப் போவோம். 2025 ஏப்ரல் 1 முதல் இலங்கையில் வங்கி வட்டியில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள். அதற்கு முன்பு 5 சதவீதம். எளிமைக்காக முழுக் காலத்துக்கும் 10 என்றே எடுத்தால், 9 சதவீத வட்டி கைக்கு வரும்போது 8.1. அதே திகதிகளில் அதே தொகைகளைப் போட்டு, அதே ஐம்பதாயிரத்தை எடுத்து, 8.1இல் வளர்த்தால் 10-01-2026 அன்று கையில் இருப்பது சுமார் 434,900 ரூபா. யூனிட் டிரஸ்டில் 461,000. வித்தியாசம் 26,000 ரூபா. 6.6ஐப் பார்த்துக் காசை மாற்றியிருந்தால் பிழையான முடிவு.

இந்த ஒப்பீட்டில் இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். மாதாமாதம் வட்டி தருகிற வைப்பில் "9 சதவீதம்" என்று எழுதியிருப்பதும் `XIRR` தருவதும் ஒரே அளவுகோல் அல்ல. மாத வட்டியைத் திரும்பப் போட்டால் அந்த 9, ஆண்டுக்கு 9.38 ஆகும். `XIRR` எப்போதும் இந்த இரண்டாவது வகை. அடுத்தது, நிலையான வைப்பில் 9 என்பது முன்பே எழுதித் தந்த வாக்கு, யூனிட் டிரஸ்டில் 14 என்பது நடந்து முடிந்தது. அடுத்த ஈராண்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கணக்குத் தொடங்கி ஒரு வருடம் ஆகாதவர்கள் `XIRR` பார்க்காமல் இருப்பதே நல்லது. மூன்று மாதத்தில் 4 சதவீதம் ஏறினால், அதே வேகம் ஆண்டு முழுக்க நீடிக்கும் என்று எடுத்துக்கொண்டு அது 17 சதவீதம் என்று காட்டும். அந்தக் கட்டத்தில் 4 சதவீதம் என்றே எழுதி வையுங்கள்.