முற்பணத்தை எங்கே பதிவது: விற்பனையிலா, கடன்பட்டோரிலா, தனிக் கணக்கிலா?

ஹட்டனில் அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிக்கோயாவில் வீடு கட்டும் ஒருவர் 240,000 ரூபாவுக்கு ஓடர் கொடுத்து, மார்ச் 18ஆம் திகதி 100,000 ரூபாவை வங்கியில் போடுகிறார். சித்திரைப் புத்தாண்டு முடிந்து வேலை ஏப்ரல் 25இல்தான் முடிகிறது. இடையில் ஒரு சின்ன ஜன்னல் கூடிப்போனதால் இறுதி இன்வாய்ஸ் 252,000. மீதி 152,000ஐ மூன்று நாள் கழித்துக் கொடுக்கிறார். கடைக்கு வற் பதிவு இல்லை என்று வைத்துக்கொள்வோம். நம் கடைகளில் இந்த 100,000ஐ மூன்று விதமாகப் பதிகிறார்கள்.

முதலாவது, காசு வந்த அன்றே விற்பனைக் கணக்கில் போட்டுவிடுவது. இதை நான் எந்தக் கடைக்கும் சொல்ல மாட்டேன். மார்ச் 31இல் கணக்காண்டு முடிகிறது, அன்றைக்கு ஒரு ஜன்னல்கூடக் கொடுக்கவில்லை, ஆனால் அந்த ஆண்டின் வருமானத்தில் 100,000 ஏறி நிற்கும். ஏப்ரலில் முழு இன்வாய்ஸையும் போட்டால் மொத்த விற்பனை 352,000 ஆகிவிடும், காசு முழுக்கக் கொடுத்த மனிதரும் இன்னும் 100,000 பாக்கி என்று பட்டியலில் நிற்பார். அதைத் தவிர்க்க 152,000க்கு மட்டும் இன்வாய்ஸ் எழுதுகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இன்வாய்ஸில் உள்ள தொகை கொடுத்த சாமானின் விலையோடு பொருந்தாது, உத்தரவாதம் பற்றிப் பேச்சு வரும்போது அந்தத் தாள் இரண்டு பக்கத்துக்கும் உதவாது.

இரண்டாவது, அந்த வாடிக்கையாளரின் கடன்பட்டோர் கணக்கிலேயே கிரெடிட் செய்வது. இது லேசான வழி. இன்வாய்ஸ் போட்டதும் 252,000 டெபிட், ஏற்கனவே உள்ள 100,000 கிரெடிட், மீதி 152,000 தானாக வந்துவிடும், தனியாக எதையும் சரிக்கட்டத் தேவையில்லை. வாங்கிய மாதமே சாமான் கொடுத்து முடிக்கிற கடைக்கு இதுவே போதும். பிரச்சினை ஆண்டு முடிவில் வருகிறது. மற்ற வாடிக்கையாளர்கள் 640,000 தரவேண்டியிருந்தால், இவருடைய 100,000 அதில் கழிந்து, கடன்பட்டோர் 540,000 என்று காட்டும். உண்மையில் வரவேண்டியது 640,000, அதோடு நாம் 100,000க்கு வேலை செய்து கொடுக்கவும் வேண்டும். இரண்டும் வேறு வேறு விஷயம். அதனால் மார்ச் 31இல் கிரெடிட் மீதியில் நிற்கும் பெயர்களைப் பிரித்தெடுத்து, நடைமுறைப் பொறுப்பாகக் காட்டியே ஆகவேண்டும். இன்னொரு சிக்கல், அதே ஆள் இடையில் ஒரு கண்ணாடி மாற்றிப் போனால், அந்த பில் இந்த முற்பணத்துக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிடும். அப்புறம் கடைசி நாளில் மீதி எவ்வளவு என்று இரண்டு பேரும் வாக்குவாதப்பட வேண்டியதுதான்.

மூன்றாவது, ‘வாடிக்கையாளர் முற்பணம்’ என்று ஒரு பொறுப்புக் கணக்கைத் திறப்பது. மார்ச் 18இல் வங்கி டெபிட், முற்பணம் கிரெடிட், 100,000. ஏப்ரல் 25இல் கடன்பட்டோர் டெபிட், விற்பனை கிரெடிட், முழு 252,000. அதே நாளில் ஒரு நாளேட்டுப் பதிவு: முற்பணம் டெபிட், கடன்பட்டோர் கிரெடிட், 100,000. மீதிக் காசு வந்ததும் அவர் கணக்கு பூச்சியமாகிவிடும். இன்வாய்ஸிலும் மொத்தத்தை எழுதி, கீழே பற்றுச்சீட்டு இலக்கத்தோடு முற்பணத்தைக் கழித்துக் காட்டுங்கள்.

ஓடர் மாதக்கணக்கில் இழுக்கிற எந்தத் தொழிலுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: அந்த நாளேட்டுப் பதிவை மறந்துவிடுவார்கள். மறந்தாலும் பரீட்சை மீதி சமப்படும், அதனால் பிழை வெளியே தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி, மாத முடிவில் முற்பணப் பட்டியலையும் கடன்பட்டோர் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால், முக்கியமாக இரண்டிலும் ஒரே தொகை இருந்தால், சரிக்கட்டல் விடுபட்டிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஓடர் இலக்கத்தைப் பதிவிலேயே எழுதிவைத்தால் இந்த வேலை நிமிடங்களில் முடியும்.

வற் பதிவுள்ள கடையென்றால் மூன்றாவது வழியை விட்டு வேறு பக்கம் போகவே வேண்டாம். முற்பணம் கைக்கு வந்ததுமே அந்தத் தொகைக்கு வற் பொறுப்பு எழுந்துவிடும். 18 வீதம் உள்ளடங்கிய 100,000இல் வரி 15,254.24. ஆகவே முற்பணக் கணக்குக்குப் போவது 84,745.76 மட்டும், மற்றது வற் கணக்குக்கு. 252,000உம் வரி உள்ளடங்கியதென்றால் அதில் மொத்த வரி 38,440.68, அப்போது இறுதி இன்வாய்ஸில் புதிதாகச் சேரவேண்டியது 23,186.44தான். முழு வரியையும் மறுபடி பதிந்தால் ஒரே காசுக்கு இரண்டு தரம் வரி கட்டுகிறீர்கள்.

ஓடர் ரத்தானால்? வற் பதிவு இல்லாத கடை காசைத் திருப்பிக் கொடுத்தால் முற்பணம் டெபிட், வங்கி கிரெடிட், அவ்வளவுதான். திருப்பித் தரமாட்டோம் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒத்துக்கொண்ட பகுதியை மட்டும், ரத்தான திகதியில், வேறு வருமானத்துக்கு மாற்றலாம்.