நடு டிக்கோடு இரண்டு வருடம்

பாண்டிச்சேரியில் ஆசிரியையாக இருக்கும் என் தோழி போன வாரம் போன் செய்தாள். பீரியட் முடிகிற நேரத்தில் பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் வாங்க வேண்டும் என்று இந்த வருடம் அவள் பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். “நீதான் ரெண்டு வருஷமா பண்றியே, அத்தனை சீட்டையும் டிக் போட்டே தள்ளிடுற. அதுல உருப்படியா ஏதாவது கிடைக்குதா?” என்று கேட்டாள். அன்றைக்குக் கடுப்பில் இருந்தேன், ஏதோ சொல்லி வைத்தேன். இது கொஞ்சம் ஆறின பிறகு எழுதுவது.

கடலூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். ஒரு செக்ஷனில் 58 பேர், வழக்கமாக வருவது 53 பேர். சீட்டு என்பது பழைய வினாத்தாளின் எழுதாத பக்கம். ஒரு தாளை நாலாகக் கிழித்தால் 15 தாளில் வகுப்புக்கே போதும். கடைசி ஐந்து நிமிடம், ஒரே கேள்வி, வரிசை எண் மட்டும் போட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். வாரத்துக்கு இரண்டு நாள்தான் செய்கிறேன். தினமும் செய்து பார்த்தேன், மூன்றாவது வாரத்தில் பிள்ளைகளும் சலித்தார்கள், நானும் சலித்தேன்.

திருத்துவதற்கு முதலில் எல்லாரும் சொல்கிற டிக் பிளஸ், டிக், டிக் மைனஸ் என்றுதான் ஆரம்பித்தேன். நாலாவது நாளே ஒரு பெண் கண் கலங்கி வந்து நின்றாள். “டீச்சர், தப்பா எழுதினா மார்க்கு குறைப்பீங்களா?” என்றாள். மைனஸைப் பார்த்ததும் நீட் தேர்வு மாதிரி நெகட்டிவ் மார்க் என்று நினைத்துவிட்டிருக்கிறாள். அவள் அக்கா அதற்குப் படித்துக்கொண்டிருந்தாள், அந்த வீட்டில் மைனஸ் என்றால் அதுதான் அர்த்தம். அன்றோடு மைனஸை விட்டேன். இப்போது நன்றாக இருந்தால் இரண்டு டிக், பரவாயில்லை என்றால் ஒரு டிக், மறுபடி நடத்த வேண்டும் என்றால் ஒரு வட்டம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 53 சீட்டைத் திருத்த எனக்குப் பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கும் முன்பே முடிந்துவிடும். அதே 53 பேரின் நோட்டை வாங்கினால் அன்றைய சாயங்காலம் போச்சு, அதிலும் பாதி என் கரும்பலகையைப் பார்த்து எழுதினதாகத்தான் இருக்கும். சீட்டில் பார்த்து எழுத எதுவும் இல்லை. அடுத்த நாள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று வட்டம் போட்ட கட்டின் உயரமே சொல்லிவிடும். இந்த ஒன்றுக்காகவே இரண்டு வருடம் ஓட்டினேன்.

என் பிரச்சினை எல்லாம் அந்த ஒரு டிக்தான். இரண்டு டிக்கும் வட்டமும் நேர்மையானவை. நடுவில் இருக்கிற ஒற்றை டிக் இருக்கிறதே, வீட்டில் எல்லாரும் எதையாவது போட்டு மூடுகிற டிராயர் மாதிரி அது.

இந்த ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். பாய்மங்கள் பாடம். மிதப்பு விசையும் ஆர்க்கிமிடிஸ் தத்துவமும் முடித்திருந்தேன். ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று இப்படிக் கேட்டேன்: முதுநகர் பக்கம் ஆற்றிலிருந்து கிளம்பும் படகு கடலுக்குள் போனதும் தண்ணீரில் கொஞ்சம் மேலே எழும்புமா, கூடுதலாக அமிழுமா, அப்படியே இருக்குமா? காரணம் என்ன?

சீட்டைப் பார்க்கும் முன்பே விடையளவை எழுதி வைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் முதல் பத்துச் சீட்டின் தரம்தான் அளவாகிவிடும். எழும்பும் என்று சொல்லி, அடர்த்தி கூடிய தண்ணீரில் அதே எடையைத் தாங்கக் குறைந்த அளவு தண்ணீரை விலக்கினால் போதும் என்று எந்த வார்த்தையிலாவது சொன்னால் இரண்டு டிக். எழும்பும் என்று மட்டும் சரியாகச் சொல்லிக் காரணம் அரைகுறை என்றால் ஒரு டிக். மற்றதெல்லாம் வட்டம். வந்தது 53 சீட்டு. ஒன்பது இரண்டு டிக், 31 ஒரு டிக், 13 வட்டம். நோட்டில் குறித்துக்கொண்டு, சரி, முக்கால்வாசிப் பேர் கரையேறிவிட்டார்கள் என்று அடுத்த நாள் அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வகுப்புத் தேர்வில், ஆழமான கிணற்றில் போட்டால் கட்டைக்கு மிதப்பு விசை கூடுமா என்ற கேள்விக்கு நிறையப் பேர் கூடும் என்று எழுதினார்கள். எனக்குப் புரியவில்லை. பிள்ளைகள் பார்த்ததும் திரும்ப வாங்கி, ரப்பர் பேண்டு போட்டு மாதக் கடைசி வரை வைத்திருப்பேன். வீட்டில் அந்தச் சீட்டுக் கட்டை எடுத்தேன். அந்த 31ஐ மட்டும் மறுபடி படித்து, காரணத்தை வைத்துத் தரையில் குவியலாகப் பிரித்தேன். 17 பேர் ‘கடலில் உப்பு இருக்கிறது’ என்று நிறுத்தியிருந்தார்கள். எட்டுப் பேர் ‘அடர்த்தி அதிகம்’ என்று பாடப்புத்தக வார்த்தையைப் போட்டிருந்தார்கள். மீதி ஆறு பேர் எழுதியிருந்தது: ‘கடல் ஆழமாக இருப்பதால் மேல்நோக்கித் தள்ளும் விசை அதிகம்.’

விடை சரி, காரணம் முழுத் தப்பு. கீழே போகப் போக அழுத்தம் கூடும் என்று நான் நடத்தினதை மிதப்பு விசையோடு சேர்த்துக் குழப்பியிருக்கிறார்கள். மிதக்கிற படகுக்கு ஆற்றிலும் கடலிலும் மிதப்பு விசை ஒன்றுதான், படகின் எடைக்குச் சமம். அடியில் எத்தனை ஆழம் இருந்தால் என்ன? அந்த ஆறு பேருக்கும் நான் சிவப்பு மையில் டிக் போட்டு, நீ நினைப்பது சரிதான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். உப்பு என்றவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு வரி போதும். ஆழம் என்றவர்களுக்கு முதலிலிருந்து நடத்த வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிக். ஆறு சீட்டில் நாலு கட்டின் அடிப்பக்கத்தில் இருந்தவை. நாற்பதுக்கு மேல் போனால் கண் ‘எழும்பும்’ என்ற வார்த்தையை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுகிறது. குற்றம் அளவுகோலுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. ஆனால் வேகமாகப் போகலாம் என்று கூப்பிட்டது அதுதானே.

வட்டத்திலும் ஒரு கூத்து. துறைமுகம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பையன் ‘அப்படியே இருக்கும்’ என்று எழுதியிருந்தான், கீழே காரணம் ஒரு வரி. நான் விடையளவுப்படி வட்டம் போட்டேன். அடுத்த நாள் சீட்டோடு வந்தான்.

“டீச்சர், உப்பனாத்துத் தண்ணி நல்ல தண்ணி இல்ல. கடல் ஏறி வரும். நாக்குல வெச்சுப் பாருங்க, உப்பு.”

சீட்டில் அவன் எழுதியிருந்த காரணமும் அதுதான், நான் படிக்கவே இல்லை. கேள்வியிலேயே தப்பு. கழிமுகத்தில் ஓதத்தோடு கடல்நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் இறங்கினால்தான் அங்கே என் கேள்விக்குத் தேவையான நல்ல தண்ணீர் கிடைக்கும், நான் கேட்டதோ ஜூலையில். அப்புறம் அவனே, “எழும்பினாலும் கண்ணுக்குத் தெரியாது டீச்சர்” என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 2000 கிலோ எடையுள்ள படகு நல்ல தண்ணீரில் 2000 லிட்டரை விலக்கும். கடல்நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 1.025 கிலோ, அதில் 1951 லிட்டர் போதும். வித்தியாசம் 49 லிட்டர். நீர்மட்டத்தில் படகின் பரப்பு எட்டு சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் படகு எழும்புவது ஆறு மில்லிமீட்டர். அலையில் ஆடுகிற படகில் ஆறு மில்லிமீட்டரை யார் பார்ப்பது! வகுப்பில் அன்றைக்கு அந்தக் கணக்கைத்தான் போட்டோம். நான் திட்டமிட்டு நடத்திய எந்தப் பாடத்தைவிடவும் அது நன்றாகப் போனது. டிக் அளவுகோல் செய்த உதவி இல்லை அது. பையனுக்குக் கோபம் வந்ததால் கிடைத்தது.

அதற்குப் பிறகு சிலதை மாற்றினேன். முதலில் எந்தப் பேனாவையும் தொடுவதில்லை. எல்லாச் சீட்டையும் மூன்று கட்டாகப் போட்டுவிட்டு, நடுக் கட்டை மட்டும் இன்னொரு முறை காரணத்தை மட்டும் படித்துப் பிரிக்கிறேன். இதற்குக் கூடுதலாக ஆறேழு நிமிடம். விடையளவில் இல்லாத பதில் வந்தால் கேள்விக்குறி. ஒரு நாளைக்கு ஐந்து கேள்விக்குறிக்கு மேல் வந்தால் என் கேள்வி சரியில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு நாளும் கட்டை வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், எப்போதும் கடைசி வரிசைக்காரர்களே என் களைப்புக்குச் சிக்காமல் இருக்க.

டிக் போட்டுச் சீட்டைத் திருப்பித் தருவதையும் நிறுத்திவிட்டேன். தந்தால் நடப்பது இது: சீட்டைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவன் டிக்கை எண்ணுவார்கள், அப்படியே என்னிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கருத்து மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளைகள் அடுத்த முறை நன்றாகச் செய்கிறார்கள், பக்கத்தில் மதிப்பெண்ணையும் சேர்த்துப் போட்டால் அந்தப் பலன் போய்விடுகிறது என்று ரூத் பட்லர் இஸ்ரேலில் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 53 பேருக்குக் கருத்து எழுத எனக்கு நேரம் இல்லை. அதனால் டிக் என் நோட்டில் இருக்கட்டும். பலகையில் இரண்டு பதிலைப் பெயர் இல்லாமல் எழுதிப் போட்டு, எது ஏன் குறைகிறது என்று ஐந்து நிமிடம் பேசுகிறோம். ஆழம் பதிலை இப்போது வருடா வருடம் பலகையில் போடப் போகிறேன்.

தோழிக்கு ஒரு எச்சரிக்கை. இந்த டிக்குகளைக் கூட்டி வளரறி மதிப்பீட்டு மதிப்பெண்ணாக மாற்றலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், போன வருடம் ஒரு பருவம் செய்தும் பார்த்தேன். இரண்டாவது வாரமே பக்கத்துச் சீட்டைப் பார்ப்பது ஆரம்பித்துவிட்டது. ஒரே எழுத்துப் பிழையோடு நாலு சீட்டு வந்தன. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிற பிள்ளைகள் காணாமல் போனார்கள். அதோடு சீட்டுக்கு இருந்த ஒரே பயனும் போய்விட்டது.

அப்படியானால் செய்யலாமா என்று கேட்டால், போனில் சொன்னதையே சொல்கிறேன்: முப்பது பேருக்கு மேல் இருந்தால் செய்யாதே, கட்டின் பாதிக்கு மேல் நீ படிக்கவே மாட்டாய். ஒரு டிக் போட்ட கையை நம்பவும் நம்பாதே. திங்கட்கிழமைக்கு ஒளி விலகல் கேள்வி எழுதியாயிற்று, இந்த முறை ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. அரையாண்டு வினாத்தாளில் 15ஐ எடுத்து நாலாகக் கிழித்து வைத்திருக்கிறேன்.